"அவங்க வந்து சொன்னாங்க": நேர்காணலை எழுத்துத்தமிழாக்கிவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாமா?

கோவைக்காரி · 4.2.2025, இரவு 10:12

எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களில் மீனவப் பெண்களிடம் எடுத்த 22 நேர்காணல்கள் கையில் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்ததே, அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுப் பிழைப்பு எப்படி மாறியது என்பதுதான் ஆய்வு. ஆடியோவைக் கேட்டு எழுதுவதும் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதும் நான்தான். என் வழிகாட்டி, முதலில் எல்லாவற்றையும் சுத்தமான எழுத்துத்தமிழில் எழுதிக்கொள், பிறகு அதிலிருந்து ஆங்கிலம் செய் என்கிறார். 6 முடித்துவிட்டேன். இது சரியான வழிதானா?

கேட்கக் காரணம் இருக்கிறது. மூன்றாவது நேர்காணலில் ஓர் அம்மா, "ஆஸ்பத்திரிக்குப் போசொல்ல மூச்சு வாங்குச்சு" என்கிறார். "மருத்துவமனைக்குப் போகச் சொன்னபோது மூச்சு வாங்கியது" என்று எழுதி, அப்படியே ஆங்கிலமும் செய்துவிட்டேன். போகச் சொன்னது யார் என்று வழிகாட்டி கேட்கிறார். ஆடியோ முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

நாலாவது சந்து · 4.2.2025, இரவு 11:03

கிடைக்க மாட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. "போசொல்ல" என்றால் போகும்போது. வரசொல்ல, வரும்போது. துன்னசொல்ல, சாப்பிடும்போது. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை காதில் விழும். நீங்கள் கோவை என்பதால் "சொல்ல" என்று கேட்டதும் சொல்வது என்று பிரித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, மதுரைக்காரர் ஒருவர் இதே தப்பைச் செய்து நான் திருத்தியிருக்கிறேன்.

ஆறையும் திரும்பத் திறந்து "சொல்ல" வரும் இடத்தையெல்லாம் பாருங்கள். நாளைக்கு மீதி.

வலைக்காரன் · 5.2.2025, காலை 6:40

எங்க பாஷைய வெச்சு இன்னா பண்றீங்கோ? சினிமாவுல கிண்டல் பண்ணது பத்தாதா? நாங்க பேசறதும் தமிய்தான்.

நாலாவது சந்து · 5.2.2025, காலை 9:15

அண்ணே, கிண்டல் இல்லை. உங்க பக்கத்து அம்மா சொன்னதை இங்கிலீஷில் தப்பாப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறாங்க. இருங்க, உங்க உதவி தேவைப்படும்.

கோவைக்காரிக்கு: நேற்று சொன்னது ஒரு சொல்லைப் பற்றி. உங்கள் கேள்வி வழியைப் பற்றி. "போசொல்ல" தப்பு நடந்த இடம் ஆங்கிலம் இல்லை, எழுத்துத்தமிழ். பேச்சில் ஒரு சொல்லாக இருந்ததை நீங்கள் "போகச் சொன்னபோது" என்று விரித்தீர்களே, அந்த நிமிஷமே வேறொரு ஆள் கதைக்குள் வந்துவிட்டார். அதன்பிறகு ஆங்கிலம் பிழையில்லாமல்தான் நடந்தது. அதாவது நீங்கள் இரண்டு முறை மொழிபெயர்க்கிறீர்கள், ஆனால் முதல் முறையை மொழிபெயர்ப்பு என்று நினைக்காமல் செய்கிறீர்கள். தட்டச்சு வேலை என்று நினைத்துச் செய்கிறீர்கள்.

பேச்சில் எப்படி அடையாளம் காண்பது என்றால், போகச் சொன்னதாக இருந்தால் அந்த அம்மா "போவ சொன்னாங்க" என்றோ "போவ சொல்லி" என்றோ சொல்லியிருப்பார். வினைமுற்று இருக்கும், சொன்னவர் எங்கேயாவது தலைகாட்டுவார். "போசொல்ல" ஒரே மூச்சில், இடையில் நிற்காமல் வரும். உடனே அடுத்த வாக்கியப் பகுதி தொடங்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் · 5.2.2025, மாலை 4:30

மயிலாப்பூர்ப் பக்கம் "வரச்சே, போறச்சே" என்பார்களே, அதற்கும் இதே வேலைதான். ஆகவே இது கொச்சை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதும்போது "வரும்போது" என்று எழுதுவதுதான் முறை. பேச்சுவழக்குக்கு இலக்கணம் கிடையாது, எழுத்துக் கூட்டலும் கிடையாது. ஆய்வேடு என்பது நிலைத்து நிற்க வேண்டிய ஆவணம். வழிகாட்டி சொன்னது சரியே.

நாலாவது சந்து · 5.2.2025, இரவு 10:50

ஐயா, எழுத்துக் கூட்டல் இல்லை என்பது உண்மை. இலக்கணம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. "அது வருவான்" என்று எந்தக் குப்பத்திலும் யாரும் பேசுவதில்லை. போசொல்ல எங்கே வரும், போறப்போ எங்கே வரும் என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு இருப்பதால்தான் கோவைக்காரியின் தப்பைத் தப்பு என்று சொல்ல முடிகிறது.

என் அனுபவம் ஒன்று. இதைச் சொல்லத்தான் நேற்றே வந்தேன், தூக்கம் வந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆய்வுக்கு இதே வேலை செய்தேன். அதுவும் கடற்கரைக் குப்பம், அதுவும் பெண்கள். எனக்கு வந்த உத்தரவும் இதேதான், எழுத்துத்தமிழ் முதலில். ஒரு நேர்காணலில் மூன்றே சொல்: "அவங்க வந்து சொன்னாங்க". புயலுக்கு முந்தின நாள் ராத்திரி, படகையும் வலையையும் மேட்டில் ஏத்திடுங்க என்று. நான் எழுதியது: "அவர்கள் வந்து சொன்னார்கள்". ஆங்கிலத்தில், தே கேம் அண்ட் டோல்ட் அஸ். இதில் யாராவது பிழை கண்டுபிடிக்க முடியுமா? முடியாது.

அறிக்கையில் அது என்ன ஆனது தெரியுமா? அதிகாரிகள் நேரில் வந்து எச்சரித்தார்கள் என்று ஒரு பெண் மட்டும் கூறினார், மற்றவர்கள் மறுத்தனர் என்று ஆனது. அந்த ஒரு பெண்ணை வைத்து ஒரு பத்தி. எச்சரிக்கை எல்லோருக்கும் சமமாகப் போய்ச்சேரவில்லை, தெருவுக்குத் தெரு வித்தியாசம் என்று ஒரு விளக்கம். வரைவைப் படித்தபோது எனக்கே, அந்தத் தெருவுக்கு மட்டும் யார் வந்திருப்பார்கள் என்று சந்தேகம் வந்து ஆடியோவைத் திரும்பக் கேட்டேன்.

சொன்னது அவருடைய மாமியார்.

அவங்க என்றால் பல பேர், அல்லது மரியாதைக்குரிய ஒருத்தர். பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே வினை: சொன்னாங்க. எழுத்துக்கு மாற்றும்போது சொன்னார்களா, சொன்னாரா என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். கை பழக்கத்தில் "ஆங்க" என்று கேட்டால் "ஆர்கள்" என்று அடித்துவிடுகிறது. இது முதல் கோளாறு.

இரண்டாவது, "வந்து". அது வருவதும் இல்லை போவதும் இல்லை. "அவங்க வந்து... சொன்னாங்க." யோசிக்கும்போது விடுகிற வந்து. காதில் வித்தியாசம் தெரியும்: நிஜமாக வந்த வந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடும், யோசிக்கிற வந்து கடைசியில் கொஞ்சம் இழுபட்டு, அதன்பின் ஒரு சின்ன இடைவெளி. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். மாமியார் அதே வீட்டில் திண்ணையில் படுத்திருந்தவர். எங்கிருந்து வருவார்?

18 நிமிஷம் தள்ளி அதே பெண் "அவங்களுக்கு அப்பவே கண்ணு சரியா தெரியாது, ஆனா காத்து மாறினா சொல்லிடுவாங்க" என்கிறார். அதை நான் "அவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது" என்று எழுதியிருந்தேன். கண் தெரியாத அதிகாரிகள் கூட்டமாக வந்து எச்சரித்தார்கள் என்று நானே எழுதி நானே படித்து, ஒன்றும் தோன்றவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியிருப்பேன் போல.

கோவைக்காரி · 6.2.2025, காலை 8:05

அக்கா, நீங்கள் சொன்னபடி தேடினேன். "சொல்ல" 31 இடம். 9 இடத்தில் தப்பு செய்திருக்கிறேன். 4 இடம் சந்தேகம்.

நாலாவது சந்து · 6.2.2025, காலை 8:20

"வர சொல்லசொல்ல" என்று எங்கேயாவது வந்தால் பயப்பட வேண்டாம். வரச் சொல்லும்போது.

மேற்கோள் · 6.2.2025, மதியம் 1:45

இதற்கெல்லாம் வழி இருக்கிறதே. ஆங்கிலத்திலிருந்து இன்னொருவரை வைத்துத் திரும்பத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டு தமிழும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி. பிரிஸ்லின் 1970இலேயே எழுதிவிட்டார். அவங்க பிரச்சினைக்கும் வழி எளிது. ஆங்கிலத்தில் "தே" ஒருவருக்கும் வரும், பலருக்கும் வரும். எல்லா இடத்திலும் தே என்று போட்டுவிட்டால் தமிழில் இருக்கிற இரட்டைப் பொருள் அப்படியே நிற்கும்.

நாலாவது சந்து · 6.2.2025, இரவு 9:30

திருப்பி மொழிபெயர்ப்பதை நாங்களும் செய்தோம். அதனால்தான் தப்பு அவ்வளவு நாள் உயிரோடு இருந்தது. தே கேம் அண்ட் டோல்ட் அஸ் என்பதை இன்னொருவர் தமிழில் எழுதினார்: "அவர்கள் வந்து எங்களிடம் கூறினார்கள்". என் எழுத்துத்தமிழோடு வைத்துப் பார்த்தோம். அச்சு அசல். டிக் போட்டோம். தப்பு நடந்தது ஆடியோவுக்கும் முதல் தமிழுக்கும் நடுவில், நாங்கள் சோதித்ததோ முதல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில். பூட்டின வாசலையே போய்ப் போய் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், கொல்லைப்பக்கம் திறந்து கிடந்தது. கேள்வித்தாளுக்கு அந்த முறை நல்லதுதான். அங்கே முதல் பிரதி எழுத்தில் இருக்கிறது. நேர்காணலில் முதல் பிரதி சத்தம்.

தே விஷயம் பாதி சரி. ஒருவருக்கும் வரும் என்பது உண்மை. ஆனால் புயல், எச்சரிக்கை, தே டோல்ட் அஸ் என்று படிக்கிற யாரும் திண்ணையில் படுத்திருக்கும் மாமியாரை நினைக்க மாட்டார்கள். அந்த அம்மா பேசும்போது அவருக்குச் சந்தேகமே இல்லை, எதிரே உட்கார்ந்து கேட்டவருக்கும் இல்லை. காகிதத்துக்கு வந்த பிறகுதான் சந்தேகம் பிறந்தது. அதை ஆங்கிலத்தில் காப்பாற்றி என்ன பிரயோஜனம்?

இப்போது நான் செய்வது: கேட்டதைக் கேட்டபடி பேச்சுத்தமிழிலேயே எழுதுகிறேன். அவங்க, அது, வந்து மூன்றும் வரும் இடத்தில் பக்கத்துப் பத்தியில் ஆள் யார் என்று குறிக்கிறேன்.

[00:14:32] பெ-07: அவங்க வந்து... சொன்னாங்க, எல்லாத்தையும் மேல ஏத்திக்கங்கன்னு.
குறிப்பு: அவங்க = மாமியார், 32:40 பார்க்க. வந்து = இழுவை.

அப்புறம் ஆங்கிலம், ஹெட்போன் காதில் இருக்க, இந்தப் பக்கத்தைப் பார்த்து நேராக. நடுவில் எழுத்துத்தமிழ் கிடையாது. ஆள் யார் என்று எனக்குத் தெரியாவிட்டால் நேர்காணல் எடுத்தவரைக் கேட்பேன், அதுவும் அதே வாரத்துக்குள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கும் மறந்துவிடும். "அதோ அவங்க" என்று அந்தப் பெண் மோவாயால் காட்டியது ரெக்கார்டரில் ஏறாது.

ஒரு மணி நேர ஆடியோவுக்கு எழுத மட்டும் எனக்கு 7 மணி நேரம் ஆகிறது. எழுத்துத்தமிழாக எழுதினால் 5. காசு ஒன்றுதான்.

இரவுப்பணி · 7.2.2025, அதிகாலை 3:10

நான் ஆஸ்பத்திரியில் வேலை. உங்கள் ஆய்வில் சம்மதப் படிவம் எந்தத் தமிழில் இருந்தது? எங்கள் வார்டில் ஓர் ஆய்வு நடக்கிறது. "இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்கவும் எந்நேரமும் விலகவும் தங்களுக்கு உரிமையுண்டு" என்று இருக்கிறது. ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "இன்னாம்மா, என்ன டிஸ்சார்ஜ் பண்றீங்களா?" என்றார். விலக என்றதும் வீட்டுக்குப் போகச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். அழுதேவிட்டார்.

நாலாவது சந்து · 7.2.2025, காலை 9:00

இது கேள்விக்கு வெளியே. ஆனாலும் இருக்கட்டும். "புடிக்கலன்னா எப்ப வேணா வேணான்னு சொல்லிடலாம், வைத்தியம் நிக்காது" என்று வாயால் சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதாகத் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் · 7.2.2025, மாலை 5:00

இலக்கணம் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறது. படித்தவர் பேசியதைத் திருத்தி அச்சிடுகிறோம். அமைச்சர் மேடையில் உளறினாலும் மறுநாள் பத்திரிகையில் செந்தமிழாக வருகிறது. மீன் விற்கிற அம்மா பேசியதை மட்டும் "கீது, வந்துக்கினு" என்று அப்படியே போட்டால் அது என்ன நியாயம்?

நாலாவது சந்து · 8.2.2025, இரவு 11:40

ஐயா கேட்டதற்கு ஒரு நாள் பதில் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தேன். இதில் எனக்கு அடி விழுந்திருக்கிறது.

அந்தப் பழைய ஆய்வில், எழுதியதைப் பேசியவர்களிடமே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. நல்ல வழக்கம்தான், ஆய்வுக் கட்டுரைகளுக்கான பட்டியல்களிலும் காட்டினீர்களா என்று கேட்பார்கள். மாமியார் விஷயம் தெரிந்த பிறகு பேச்சுத்தமிழில் திருத்தி எழுதிய பிரதியைக் கொண்டுபோனேன். திருவொற்றியூரில் ஒரு வீடு. வாசலிலேயே உட்கார்ந்து படித்தார், எட்டாவது வரை படித்தவர். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னாம்மா இது? கீதுன்னு எழுதிக்கீறே? நான் இப்டியா பேசறேன்? என் பொண்ணு காலேஜ் போவுது, அது பாத்தா சிரிக்கும்."

"எழுதிக்கீறே" என்று அவர் சொன்னதை அவருக்குச் சுட்டிக்காட்டுகிற துணிச்சல் எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாரம் எழுத்துத்தமிழில் இன்னொரு பிரதி கொண்டுபோனேன். அதையும் படித்தார். "இது யாரு? நியூஸ் வாசிக்கிற மாதிரி கீது. நான் இதெல்லாம் சொல்லவேல்லியே." அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பழையதில் போட்டார், "கீது மட்டும் மாத்திக்க" என்ற நிபந்தனையோடு.

மாற்றினேன். எல்லா "கீது"வையும் "இருக்குது" ஆக்கினேன். இதனால் ஒரு பொருளும் கெடவில்லை. அதன்பிறகு எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது: சத்தத்தைத் திருத்தலாம், சொல்லையும் வினையின் வாலையும் தொடக்கூடாது. வாயப்பழம் என்று கேட்டாலும் வாழைப்பழம் என்று எழுதுவேன். வூடு என்பதை வீடு என்பேன். ஆனால் சொன்னாங்க, போசொல்ல, வந்துக்கினு, குடுத்தாங்களாம் இவையெல்லாம் அப்படியே. பொருள் அங்கேதான் இருக்கிறது. பிற்பாடு தேடுவதற்கும் இது வசதி. ஒரே நேர்காணலில் கீது, கிது, இருக்குது, இருக்கு என்று நான்கு விதமாக எழுதிவிட்டு மென்பொருளில் தேடினால் கால்வாசிதான் சிக்கும்.

ஐயா கேட்ட நியாயத்துக்கு இது முழுப் பதில் இல்லை. ஆங்கிலத்துக்கு வரும்போது ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். வடசென்னைப் பேச்சைக் காட்டுகிறேன் என்று உடைந்த ஆங்கிலத்தில் எழுதக்கூடாது. அவர் தன் மொழியைத் தப்பில்லாமல் பேசுகிறார். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தப்பாகப் பேச வேண்டும்?

வலைக்காரன் · 9.2.2025, காலை 6:15

அது கரெக்டு. அந்தம்மா கேட்டதும் கரெக்டு. நான் பேசுவேன், எய்தி போட்டா கோவம் வரும்.

நாலாவது சந்து · 9.2.2025, காலை 10:00

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். "குடுத்தாங்களாம்" என்பதை எழுத்துத்தமிழ் அழித்துவிடும் என்பதுபோல் எழுதிவிட்டேன். இல்லை, எழுத்திலும் "கொடுத்தார்களாம்" உண்டு. அது சாவது ஆங்கிலத்தில். "பக்கத்துக் குப்பத்துக்கு நிவாரணம் குடுத்தாங்களாம்" என்றால் நான் பார்க்கவில்லை, சொல்லக் கேள்வி, அதுவும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆங்கிலத்தில் ரிலீஃப் வாஸ் கிவன் என்று போட்டால் வதந்தி சாட்சியமாகிவிடும். ஒரு "ஆம்" போனதற்கு இவ்வளவு. ஐ ஹியர், தே சே என்று ஏதாவது ஒன்று போட்டே தீர வேண்டும்.

கோவைக்காரி · 10.2.2025, இரவு 9:50

வழிகாட்டியிடம் 9 தப்பையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சரி, பேச்சுத்தமிழிலேயே எழுது, ஆனால் இணைப்பில் போடும்போது எழுத்துத்தமிழாகப் போடு என்றார். பாதி வெற்றி.

ஆனால் வேறொன்று. 11ஆவது நேர்காணலில் கணவரை முழுக்க "அது" என்றே சொல்கிறார். "அது காலையில டீ குடிச்சுட்டுப் போச்சு", "அது குடிச்சா சும்மா இருக்காது". வழிகாட்டி இதைக் கணவன் மனைவிக்குள் மதிப்புக் குறைந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாமா என்கிறார். நாம் எல்லோரும் அவர் என்றுதானே சொல்வோம்?

மேற்கோள் · 10.2.2025, இரவு 10:20

நாம், நாங்கள் என்பதையும் கவனியுங்கள். நாம என்றால் கேட்பவரையும் சேர்த்து, நாங்க என்றால் சேர்க்காமல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வீ. இதைக் கட்டாயம் குறிக்க வேண்டும்.

நாலாவது சந்து · 10.2.2025, இரவு 11:15

அப்படியானால் "நம்ம வூட்டுக்காரரு" என்று ஒரு பெண் கோவைக்காரியிடம் சொன்னால் என்ன செய்வது? இருவருக்கும் ஒரே கணவரா? நம்ம என்பது பல இடங்களில் நீயும் எங்க ஆளுதான் என்று பாயைத் தட்டிப்போடுவது. நாங்க என்றால் உங்கள் விதி பெரும்பாலும் நிற்கும். நாம, நம்ம வந்தால் ஒவ்வொரு இடமாகத்தான் பார்க்க வேண்டும்.

"அது" பற்றி: மதிப்புக் குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். எங்கள் சந்தில் மகளை அது என்போம், மருமகளை அது என்போம், சில பெண்கள் புருஷனையும் அப்படித்தான் சொல்வார்கள். மேலே கையெழுத்துப் போட்ட அம்மாகூட, காலேஜ் போகிற மகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது "அது பாத்தா சிரிக்கும்" என்றுதான். ஆங்கிலத்தில் ஹீ என்று போடுங்கள். இட் என்று போட்டால் டீ குடித்தது பூனை. அதே பெண் எங்கேயாவது திடீரென்று "அவரு" என்றோ "அவன்" என்றோ மாறுகிறாரா பாருங்கள். மாறினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், விஷயம் அங்கே இருக்கலாம்.

கோவைக்காரி · 12.2.2025, மாலை 7:30

மாறுகிறார். ஒரே இடம். நிவாரணப் பணம் வந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது "அவன் எடுத்துக்கினு போய்ட்டான்" என்கிறார். கணவரா, வேறு யாராவதா என்று தெரியவில்லை. கோபமும் இல்லை, குரல் சின்னதாகிறது. அந்த 40 வினாடியை இங்கே போடட்டுமா? வலைக்காரன் அண்ணனுக்குப் புரியலாம்.

நாலாவது சந்து · 12.2.2025, மாலை 7:34

போடாதீர்கள். ஆய்வுக்குப் பேசுகிறேன் என்றுதான் அவர் சம்மதித்தார், எங்களுக்குப் பேசுகிறேன் என்று இல்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் குரலைக் கேட்டாலே யார் என்று சொல்லிவிடுவார்கள். இப்போது எழுதியிருப்பதே கொஞ்சம் அதிகம். நேர்காணல் எடுத்தவரைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று குறிப்பில் இருக்கட்டும். சொல் மட்டும் தெரியாவிட்டால் சொல்லை இங்கே எழுதுங்கள்.

கோவைக்காரி · 15.2.2025, இரவு 10:05

சரி, சொல் ஒன்று. 14ஆவது நேர்காணல். "அந்த மாசம் முச்சூடும் எங்களுக்குப் பாடு இல்ல." பாடு என்றால் துன்பம்தானே, படாத பாடு என்கிறோமே? துன்பம் இல்லை என்று எழுதி, ஆங்கிலத்திலும் நோ ஹார்ட்ஷிப் என்று போட்டுவிட்டேன். 22 பேரில் இவர் ஒருவருக்கு மட்டும் எண்ணெயால் கஷ்டமே இல்லை என்று வருகிறது. அடுத்த வரியிலேயே கம்மலை அடகு வைத்தேன் என்கிறார்.

வலைக்காரன் · 16.2.2025, காலை 5:50

அய்ய. பாடு இல்லன்னா மீன் படல. வலைல ஒன்னும் இல்ல. கஷ்டம் இல்லன்னு யாரு சொன்னது?

ஓய்வுபெற்ற வாத்தியார் · 16.2.2025, காலை 8:00

மீன்பாடு என்ற சொல் செய்தித்தாளிலேயே வருகிறதே. படு என்ற வினையிலிருந்து. வலையில் படுவதும் பாடு, நாம் படுவதும் பாடு.

நாலாவது சந்து · 16.2.2025, காலை 11:20

அண்ணன் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் இன்னொன்றும் உண்டு. பழவேற்காட்டில் ஏரியில் வலைபோட யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்திருக்கிறார்கள், அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர். உங்கள் 14ஆவது அம்மா பிறந்த ஊர் எது? கட்டிக்கொடுத்த ஊர் எது? பழவேற்காட்டுத் தொடர்பு இருந்தால் எங்களுக்குப் பாடு இல்ல என்பது எங்களுக்கு முறை கிடைக்கவில்லை என்றும் இருக்கலாம். மீன் இல்லாததும் முறை இல்லாததும் ஒன்றில்லை. முதலாவது ஆற்றின் கதை, இரண்டாவது ஊர்க்கட்டுப்பாட்டின் கதை. "எங்களுக்கு" என்று சொல்லியிருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. மீன் படவில்லை என்றால் யாருக்கும்தானே படவில்லை?

வலைக்காரன் · 16.2.2025, மதியம் 12:10

எங்களுக்குன்னு சும்மாவும் சொல்லுவோம்.

கோவைக்காரி · 16.2.2025, இரவு 9:00

பிறந்த ஊர் பழவேற்காடுதான். கட்டிக்கொடுத்தது எண்ணூர். இப்போது இன்னும் குழப்பம். நோ ஹார்ட்ஷிப்பை மட்டும் அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்கிறேன். போனில் கேட்டால் மீன் விற்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

நாலாவது சந்து · 16.2.2025, இரவு 9:12

போசொல்ல ரெக்கார்டரை எடுத்துக்கினு போங்க.